அழைப்பாணையின் படம் கைப்பேசியில் வரும்போது: வாய்தா தேதிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பத்து நாள் கெடு

சென்னையில் ஒரு வீட்டுக்கு நீதிமன்ற அமீனா வருகிறார். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பதால் அவருடைய மனைவி கையெழுத்துப் போட்டுத் தாள்களை வாங்கிக்கொள்கிறார். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மேல் தாளை மட்டும் படம் எடுத்து உறவினர் ஒருவருக்கு அனுப்பி, "என்ன போட்டிருக்கு, எப்ப போகணும்?" என்று கேட்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த உறவினர், "புரோநோட்டுக் கேஸு. ஏப்ரல் 21 வாய்தா. இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்று பதில் அனுப்புகிறார்.

அந்தப் பதிலில் பொய்யான சொல் எதுவும் இல்லை. ஆனாலும் அதை நம்பி ஏப்ரல் 21 வரை காத்திருக்கும் குடும்பம், வழக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே தோற்றுப்போகலாம். ஏனென்றால் சில வகை அழைப்பாணைகளில் தேதியாக எழுதப்பட்டிருப்பது கெடு அல்ல. உண்மையான கெடு, எண்ணாகக்கூட இல்லாமல், பத்தியின் நடுவே ஆங்கில எழுத்துகளில் "டென் டேஸ்" என்று கிடக்கிறது. அத்தகைய தாள் ஒன்றை எளிய தமிழுக்குக் கொண்டுவரும்போது எதைப் பார்க்க வேண்டும், தேதியை எப்படிக் கணக்கிட வேண்டும், அதை எப்படி எழுதினால் யாரும் தவறாகப் படிக்க முடியாது என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டு வழக்கின் மூலம் விளக்குகிறது. எடுத்துக்காட்டில் வரும் தேதிகளும் தொகையும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. சட்ட விதிகள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கையில் இருப்பது எந்தத் தாள்?

பேச்சு வழக்கில் எல்லாமே "நோட்டீஸ்" தான். ஆனால் வழக்கறிஞர் அனுப்பும் அறிவிப்பும் நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணையும் வேறு வேறு. முன்னது ஒரு தரப்பின் கடிதம். அதில் "ஏழு நாட்களுக்குள் பதில் தராவிட்டால்" என்று இருந்தால், பெரும்பாலும் அந்த ஏழு நாள் அவர்களாக வைத்த கெடு. இதற்கு முக்கியமான விதிவிலக்கு காசோலை திரும்பியதற்கான அறிவிப்பு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, அந்த அறிவிப்பைப் பெற்றதிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்தாவிட்டால் குற்ற வழக்குக்கு வழி திறந்துவிடும். அந்தப் பதினைந்து நாள், சட்டமே வைத்த கெடு.

அழைப்பாணையில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், முத்திரை, கையொப்பம் ஆகியவை இருக்கும். உரிமையியல் வழக்குகளில் வருவதை நம் தேவைக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

1. சாதாரண வழக்கின் அழைப்பாணை. இதில் எதிருரை தாக்கல் செய்ய, தாள் சார்பு செய்யப்பட்டதிலிருந்து, அதாவது முறைப்படி ஒப்படைக்கப்பட்டதிலிருந்து, 30 நாட்கள் உண்டு. காரணம் பதிவு செய்து நீதிமன்றம் அதை 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம்.

2. சுருக்கமுறை வழக்கின் அழைப்பாணை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இன் கட்டளை 37-இன் கீழ் வருவது. புரோநோட்டு, காசோலை, எழுத்துமூல ஒப்பந்தம் போன்றவற்றின் அடிப்படையில் குறிப்பிட்ட தொகையைக் கேட்கும் வழக்குகளை இப்படிப் போடலாம். இதில் முதல் கெடு பத்தே நாள்.

இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகையை அடையாளம் காட்டுவது, தலைப்பிலோ முதல் வரிகளிலோ வரும் "சம்மரி சூட்" என்ற சொல்லும், ரோமன் எண்ணில் எழுதப்பட்ட 37-உம் ஆகும். அந்த ரோமன் எண் XXXVII என்று இருக்கும். மங்கலான படத்தில் X ஒன்று விழுங்கப்பட்டால் அது வேறு கட்டளையாகத் தெரியும் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் கீழே உள்ள வாசகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படத்திலிருந்து எழுத்துக்கு

தமிழாக்கத்தைத் தொடங்கும் முன் படம் முழுமையானதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் முழுமையாக இருப்பதில்லை. தாளின் பின்பக்கம் விடுபட்டிருக்கும். அங்கேதான் யாரிடம், எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அழைப்பாணையோடு வந்த வழக்குரையின் நகலும் இணைப்புகளும் "அது பெரிய கட்டு, அப்புறம் அனுப்புறேன்" என்று வீட்டிலேயே தங்கிவிடும். சுருக்கமுறை வழக்கில் அழைப்பாணையுடன் வழக்குரையின் நகலும் இணைப்புகளும் சேர்த்தே தரப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே வந்தவை எவை, வராதவை எவை என்பதும் பின்னால் வழக்கறிஞருக்குத் தேவைப்படும் செய்தியே.

படத்தை வெளிச்சமான சன்னலருகே ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து, வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அன்றி "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொன்னால் எழுத்துகள் சிதையாமல் வரும். கையால் எழுதிய எண்களில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம் குழப்புபவை. தொகை எண்ணிலும் எழுத்திலும் இருந்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். மடிப்பில் மறைந்த எண்ணை "இதுவாகத்தான் இருக்கும்" என்று நிரப்புவது இந்த வேலையில் மன்னிக்க முடியாத தவறு. தெரியாத இடத்தில் [மடிப்பில் மறைந்துள்ளது, மூலத்தைப் பார்க்கவும்] என்றே எழுத வேண்டும்.

வழக்கு எண்ணைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் நீதிமன்றத்தையும் வழக்கு எண்ணையும் ஆண்டையும் கொடுத்தோ, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்துகளும் எண்களுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தோ வழக்கின் நிலையைப் பார்க்கலாம். தாளில் உள்ள பெயர்களும் தளத்தில் வரும் பெயர்களும் ஒத்துப்போனால், எண்ணைச் சரியாகப் படித்திருக்கிறோம் என்று நம்பலாம். ஆனால் அடுத்த தேதியாக அந்தத் தளம் காட்டுவது வாய்தாவைத்தான். பத்து நாள் கெடு எந்த நாளில் முடிகிறது என்பதை அதில் தேடிப் பயனில்லை.

ஒரு பத்தியில் ஐந்து பொறிகள்

சுருக்கமுறை அழைப்பாணையின் வாசகம் சட்டத்தின் இணைப்பில் உள்ள படிவத்திலிருந்து வருகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்: "இதன் சேவையிலிருந்து பத்து நாட்களுக்குள் உமக்காக ஒரு தோற்றம் உட்புகுத்தப்படச் செய்யுமாறு அழைக்கப்படுகிறீர், தவறினால் வாதி ஒரு ஆணைக்கு உரிமை பெறுவார், தோற்றம் உட்புகுத்தப்பட்டால் தீர்ப்புக்கான சம்மன் அனுப்பப்படும், அப்போது பாதுகாக்க விடுப்புக் கோரலாம்."

இதைப் படிப்பவருக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான். இதில் வரும் ஐந்து சொற்களுக்கும் நீதிமன்ற வளாகத்துக்குள் தனிப் பொருள் உண்டு.

1. சர்வீஸ் என்பது இங்கே சேவை அல்ல. தாள் உரியவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்படுவது. தமிழ் நீதிமன்ற வழக்கில் இதைச் சார்பு செய்தல் என்பார்கள். எளிய வடிவில் "இந்தத் தாள் உங்களிடம் கொடுக்கப்பட்ட நாள்" என்றாலே போதும்.

2. அப்பியரன்ஸ் என்பதை "நேரில் ஆஜராக வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். படிப்பவர் உடனே வாய்தா தேதியைத் தேடுவார். பத்து நாளுக்குள் செய்ய வேண்டியது, நானோ என் வழக்கறிஞரோ இந்த வழக்கில் முன்னிலையாகிறோம் என்று நீதிமன்றத்தில் பதிவு செய்வதும், இனி வரும் தாள்களை அனுப்ப வேண்டிய முகவரியை எழுத்தில் கொடுப்பதும் ஆகும். இதற்கு வாய்தா வரை காத்திருக்கக் கூடாது.

3. டிக்ரி என்பது வெறும் "ஆணை" அல்ல. பணத்தைக் கொடு என்ற தீர்ப்பாணை. அதை வைத்துச் சொத்தை ஜப்தி செய்ய நடவடிக்கை எடுக்கலாம்.

4. லீவ் என்பது விடுப்பு அல்ல, அனுமதி. சாதாரண வழக்கில் எதிர்வாதம் செய்வது பிரதிவாதியின் உரிமை. சுருக்கமுறை வழக்கில் அதற்கே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இந்த வழக்கு வகையின் உயிர்நாடி இதுதான். "விடுப்பு" என்று எழுதிய கையோடு அது முழுவதும் தொலைந்துபோகிறது.

5. சம்மன்ஸ் ஃபார் ஜட்ஜ்மென்ட் என்று ஒரு தாள் வந்தால் தீர்ப்பு வந்துவிட்டது என்று பொருளல்ல. தீர்ப்பளிக்குமாறு வாதி கேட்டிருக்கிறார், அந்தத் தாள் கொடுக்கப்பட்ட பத்து நாளுக்குள் நீங்கள் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்க வேண்டும் என்று பொருள்.

இவற்றுள் இரண்டாவதுதான் நடைமுறையில் அதிகம் கெடுப்பது. பத்து நாள் என்று தெரிந்துகொண்ட சிலரும், "கடனையே நான் அடைத்துவிட்டேன், அதற்கான ரசீதுகளைத் தேட வேண்டும், பதில் மனு எழுத வேண்டும்" என்று அந்தப் பத்து நாளையும் ஆதாரம் திரட்டுவதில் செலவழிக்கிறார்கள். முதல் கட்டத்தில் ஆதாரமோ பதிலோ கேட்கப்படவில்லை. கேட்கப்படுவது ஒரு சிறிய காரியம். ஒரு வக்காலத்தும் முகவரியும் இருந்தால் முடிந்துவிடும். அதே நாளில் வாதியின் வழக்கறிஞருக்கும், அவர் இல்லையென்றால் வாதிக்கும், முன்னிலையான செய்தியை அறிவிக்க வேண்டும். அந்தச் சிறிய காரியத்தைச் செய்யாவிட்டால், கட்டளை 37 விதி 2-இன்படி வழக்குரையில் சொன்னவை எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்பட்டு, வாதி தீர்ப்பாணை பெற உரிமையுடையவராகிறார். பெட்டியில் இருக்கும் ரசீதுகளை அதன்பின் காட்டுவதற்கு இடம் கிடைப்பது கடினம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

நமது எடுத்துக்காட்டுத் தாளில் மூன்று தேதிகள் உள்ளன. நீதிமன்றம் கையொப்பமிட்ட நாள் 5.3.2025. அமீனா வீட்டில் கொடுத்த நாள் 13.3.2025, இது பின்பக்கத்தில் கையால் எழுதப்பட்டது. அடுத்த வாய்தா 21.4.2025. இவற்றோடு யாரும் எழுதாத நான்காவது தேதி ஒன்றும் உண்டு: வெளியூரில் இருக்கும் கணவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்த நாள், 17.3.2025.

கெடு ஓடத் தொடங்குவது சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து. பிரதிவாதி வீட்டில் இல்லாமல், அவரை நியாயமான காலத்துக்குள் காண வாய்ப்பும் இல்லாதபோது, அவருக்காகத் தாளைப் பெறும் அதிகாரம் பெற்ற முகவரும் இல்லையென்றால், உடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம் என்று கட்டளை 5 விதி 15 சொல்கிறது. வீட்டு வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆக மாட்டார் என்பதையும் அதே விதி தெளிவாக்குகிறது. மனைவியிடம் கொடுத்தது இந்த வழக்கில் செல்லுமா என்று வழக்கறிஞர் பின்னால் வாதாடலாம். ஆனால் தமிழாக்குபவர் அந்த வாதத்தை நம்பி நாளைத் தள்ளிப்போடக் கூடாது. கிடைத்த தேதிகளில் முந்தியதை வைத்தே எண்ண வேண்டும். ஆகவே 17-ஆம் தேதி கணக்கில் இல்லை, 13-ஆம் தேதிதான்.

எண்ணும் முறையில் கொடுக்கப்பட்ட நாளைச் சேர்ப்பதில்லை. மார்ச் 14 வெள்ளி முதல் நாள்; மார்ச் 23 பத்தாவது நாள். அது ஞாயிற்றுக்கிழமை. கெடுவின் கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் மார்ச் 24 திங்கள் வரை போகலாம். இருந்தாலும் எளிய வடிவில் திங்கட்கிழமையைக் கெடுவாக எழுதக் கூடாது. பின்பக்கத்தில் 13 என்று நாம் படித்தது 12 ஆக இருந்தால் கணக்கு மாறிவிடும். வக்காலத்தில் கையெழுத்து வாங்கவே ஒரு நாள் போய்விடும். எனவே பெரிய எழுத்தில் வர வேண்டியது மார்ச் 21, வெள்ளி. 23-உம் 24-உம் கணக்கு விளக்கமாகக் கீழே சிறிய எழுத்தில் இருக்கட்டும், அதைப் பார்க்க வேண்டியவர் வழக்கறிஞர்.

படம் வந்தது 17-ஆம் தேதி என்பதால், வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள்தான் உள்ளது. "ஒரு மாசம் இருக்கு" என்ற உறவினரின் பதிலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி புரியும்.

எழுதிக் கொடுக்க வேண்டிய வடிவம்

தேதியைக் குழப்பமில்லாமல் எழுத வேண்டுமானால் நாள், மாதத்தின் பெயர், ஆண்டு, கிழமை ஆகிய நான்கும் வேண்டும். 3.4.2025 என்று மட்டும் எழுதினால், அமெரிக்காவில் இருக்கும் மகன் அதை மார்ச் நான்கு என்று படிக்கலாம். "பத்து நாளுக்குள்" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் தாம் படித்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கெடுவையும் செய்ய வேண்டிய காரியத்தையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும். வாய்தா தேதி அதற்குக் கீழே, அது கெடு அல்ல என்ற சொல்லோடு வர வேண்டும். நமது எடுத்துக்காட்டுக்கு அந்தத் தாள் இப்படி அமையும்:

> மார்ச் 21, 2025, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழக்கறிஞர் மூலமாகவோ நேரிலோ, கீழ்க்கண்ட நீதிமன்றத்தில் முன்னிலையாகிப் பதிவு செய்து, உங்கள் முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதே நாளில் வாதியின் வழக்கறிஞருக்கும் இதை அறிவிக்க வேண்டும்.
>
> செய்யாவிட்டால்: உங்கள் பக்கத்தைக் கேட்காமலே ரூ. 4,80,000-உம் வட்டியும் செலவும் கொடுக்கும்படி தீர்ப்பாணை வரலாம்.
>
> ஏப்ரல் 21, 2025, திங்கட்கிழமை அடுத்த வாய்தா. இது கெடு அல்ல. அதுவரை காத்திருக்கக் கூடாது.
>
> இது என்ன: புரோநோட்டுக் கடனுக்காக உங்கள் மேல் போடப்பட்ட சுருக்கமுறைப் பண வழக்கு. குற்ற வழக்கு அல்ல. இந்தத் தாளில் கைது பற்றி எதுவும் இல்லை.
>
> இப்போது ஆதாரம் எதுவும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அதற்கான கட்டம் பின்னால் வரும்.
>
> எண்ணிய விதம்: தாள் வீட்டில் கொடுக்கப்பட்டது மார்ச் 13, வியாழன் (பின்பக்கக் குறிப்பின்படி). அந்த நாளை விட்டுப் பத்தாம் நாள் மார்ச் 23, ஞாயிறு. நீதிமன்றம் திறக்கும் அடுத்த நாள் மார்ச் 24, திங்கள்.
>
> படிக்க முடியாதவை: வட்டி விகிதம் [மடிப்பில் மறைந்துள்ளது]. வழக்குரையின் நகல் படத்தில் இல்லை.

நீதிமன்றத்தின் பெயர், அறை எண், வழக்கு எண், தரப்பினர் பெயர்கள் ஆகியவற்றைத் தமிழாக்கத்தோடு மூலத்தில் உள்ளபடியே ஆங்கில எழுத்திலும் எழுதிவைக்க வேண்டும். வளாகத்தில் விசாரிக்கும்போதும் தளத்தில் தேடும்போதும் அவைதான் உதவும். "குற்ற வழக்கு அல்ல" என்ற வரி மிகையாகத் தோன்றலாம். ஆனால் முத்திரை போட்ட தாள் வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி அதுதான், அதற்கு விடை கிடைக்கும் வரை மற்ற எதுவும் காதில் ஏறாது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச உதவி பெறும் தகுதி உள்ளது. அந்த வரியையும் தாளின் அடியில் சேர்க்கலாம்.

இரண்டாவது பத்து நாள்

முன்னிலையாகிப் பதிவு செய்த பிறகு வாதி மேலே சொன்ன சம்மன்ஸ் ஃபார் ஜட்ஜ்மென்ட் என்ற தாளைப் பிரமாணப் பத்திரத்தோடு அனுப்புவார். அது சார்பு செய்யப்பட்டதிலிருந்து மறுபடியும் பத்து நாள். இந்த முறை செய்ய வேண்டியது பெரிய காரியம்: எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு, தன் பக்கத்து உண்மைகளைச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். பெட்டியில் இருக்கும் ரசீதுகள் இங்கேதான் பயன்படும்.

இங்கே முகவரி பற்றிய ஒரு கண்ணி இருக்கிறது. முதல் கட்டத்தில் கொடுத்த முகவரியில் தாளைப் போட்டுவிட்டாலே சார்பு செய்ததாகக் கருதப்படும் என்பது விதி. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வேறிடம் போனவருக்குத் தாள் வந்ததே தெரியாமல் இரண்டாவது கடிகாரம் ஓடி முடிந்துவிடலாம். ஆகையால் முதல் தாளின் எளிய வடிவத்திலேயே, "நீங்கள் கொடுக்கும் முகவரிக்கு இன்னொரு தாள் வரும், அதிலும் பத்து நாள் கெடு இருக்கும், வந்த அன்றே இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பவும்" என்று எழுதிவிடுவது நல்லது.

கெடு கடந்த பிறகு படம் வந்தால்

பலமுறை படம் வருவதே பத்து நாள் முடிந்த பிறகுதான். அப்போது தமிழாக்குபவர் "காலம் முடிந்துவிட்டது" என்று எழுதினால் குடும்பம் கைவிட்டுவிடும். "பரவாயில்லை, வாய்தாவுக்குப் போங்கள்" என்று எழுதினால் இன்னும் சில வாரங்கள் வீணாகும். இரண்டும் தவறு. போதிய காரணம் காட்டினால் முன்னிலையாவதிலோ அனுமதி கேட்பதிலோ ஏற்பட்ட தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம் என்று கட்டளை 37 விதி 3(7) சொல்கிறது. தீர்ப்பாணையே வந்திருந்தாலும், சிறப்பான சூழ்நிலை இருந்ததாகக் காட்டினால் அதை நீக்க விதி 4 இடம் தருகிறது. அந்தப் படி மிகவும் கடினமானது.

அப்படிப்பட்ட தாளின் முதல் வரி, "மார்ச் 23-ஆம் தேதியோடு பத்து நாள் முடிந்துவிட்டது. இன்றே வழக்கறிஞரைப் பார்த்து, முன்னிலைப் பதிவும் தாமதத்தை மன்னிக்கும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும்" என்று இருக்க வேண்டும். அதோடு, தாளை வீட்டில் யார் வாங்கினார், எந்த நாளில் படம் எடுக்கப்பட்டது, யாருக்கு எப்போது அனுப்பப்பட்டது என்ற விவரங்களையும் குறித்துக் கொடுக்க வேண்டும். வாட்ஸப்பில் படத்துக்குக் கீழே தெரியும் நேரமும், அதற்கு வந்த "இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்ற பதிலும் தாமதத்துக்கான காரணத்தை எழுதும்போது வழக்கறிஞருக்குத் தேவைப்படும் என்பதால், அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.